மீட்டருக்குத் தெரியாதது

வாட்டர் கேன் தொழிலுக்கு எல்லாரும் முதலில் விலை விசாரிப்பது ஆர்.ஓ. மெஷினுக்குத்தான். தாம்பரம் பக்கம் பிளான்ட் போட நினைத்த நண்பனுக்கு நான் எக்செல்லில் கேனை எண்ணிக் காட்டினேன். 100 வீடு என்றால் வீட்டில் ஒன்று, சுற்றில் ஒன்று என 200 கேன். ஒன்று 150 ரூபாய் என்று வைத்தால் 30,000. கீறல் விழ விழ மாற்றணும்.

"தண்ணி சுத்தம்டா, டி.டி.எஸ். 60தான்" என்றான். அந்த மீட்டர் மின்கடத்தலை அளந்து கரைந்த உப்பைக் கணிக்கிறது. கிருமி அதில் தெரியாது. ஆர்.ஓ. தாண்டி வரும் நீரில் காவலுக்குக் குளோரினும் இருக்காது. யு.வி. விளக்கு, கடந்துபோகும் நீரை மட்டும் பார்த்துக்கொள்ளும். ஓசோன் கலந்தாலும் சீக்கிரம் சிதைந்துவிடும். சரியாகக் கழுவாத கேனின் கீறலில் பாசி ஒட்டியிருந்தால், அத்தனை மெஷினும் வீண்.

அதனால் மாதிரியை மெஷின் குழாயில் பிடிக்கக் கூடாது. நிரப்பி மூடிய கேனிலிருந்து எடுத்து ஆய்வகத்துக்குத் தரணும். ஐ.எஸ். 14543 தரப்படி 250 மி.லி. நீரில் ஈ.கோலை இருக்கவே கூடாது.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் பிளான்ட்டுக்கு மட்டுமில்லை. கேனை வாங்கி வீடுகளுக்குப் போடுகிறவரும் பதிவோ உரிமமோ வைத்திருக்கணும். அந்தச் செலவுக்குப் பக்கத்திலேயே, கேன் கழுவும் ஆளின் சம்பளத்துக்கும் ஒரு வரி சேர்த்தோம்.