எந்த மக்கள்?

ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவனை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள். வேலைக்கு விண்ணப்பமோ போட்டிக் கட்டுரையோ, எதையாவது நீட்டி "சார், ஒரு தடவை பாத்துக் குடுங்க" என்பார்கள். அவற்றில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வாக்கியம் உண்டு: 'மோஸ்ட் ஆஃப் தி பீப்பிள் லைக் கிரிக்கெட்.' நான் பென்சிலால் வட்டமிட்டால், "இதுல என்ன சார் தப்பு?" என்று உடனே கேள்வி வரும். நியாயமான கேள்விதான். அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு சரி என்றோ தப்பு என்றோ சொல்லிவிட முடியாது. அதற்கு முந்தைய வரியைப் பார்க்க வேண்டும்.

நம் மொழியில் 'அந்த', 'இந்த' என்ற சுட்டு செய்கிற வேலையில் ஒரு பங்கை ஆங்கிலத்தில் 'தி' செய்கிறது. 'தி பீப்பிள்' என்று எழுதிவிட்டால், கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு கூட்டத்தைச் சுட்டிவிட்டோம் என்று பொருள். ஆகவே அந்த வாக்கியத்தைப் படிக்கிறவர் மனசில் முதலில் எழுவது, "எந்த மக்கள்?" என்ற கேள்வி. அதற்குப் பதில் கட்டுரையிலேயே இருக்குமானால் வாக்கியம் முழுக்கச் சரி. "எங்கள் தெருவில் அறுபது வீடுகள் இருக்கின்றன" என்று முதலில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் 'மோஸ்ட் ஆஃப் தி பீப்பிள் லைக் கிரிக்கெட்' என்றால் ஒரு குறையும் இல்லை. அந்தத் தெருக்காரர்கள் என்று எல்லாருக்கும் புரியும். முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல், பொதுவாக உலகத்து மனிதர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'மோஸ்ட் பீப்பிள்' என்று இரண்டே சொல்லில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு கலப்படம் நடமாடுகிறது: 'மோஸ்ட் ஆஃப் பீப்பிள்'. இதற்கு எந்தச் சூழலிலும் மன்னிப்பு இல்லை. 'ஆஃப்' வந்துவிட்டால் அதற்குப் பின்னால் வரையறுத்த ஒன்று வந்தே ஆக வேண்டும். 'தி' வரலாம், 'மை' வரலாம், 'தீஸ்' வரலாம், 'அஸ்', 'தெம்' வரலாம். "அப்படின்னா 'மோஸ்ட் ஆஃப் சென்னை' மட்டும் எப்படி சார் சரி? அங்க 'தி' இல்லையே?" என்று ஒரு பெண் மடக்கினாள். கெட்டிக்காரப் பெண். சென்னை என்ற பெயரே இன்ன ஊர் என்று வரையறுத்துவிடுகிறதே, அதற்கு மேல் சுட்டு எதற்கு?

இனி 'தி மோஸ்ட்'. பிள்ளைகள் இதை 'மோஸ்ட்' என்பதன் மரியாதை வடிவம் போல எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு. 'மோஸ்ட்' பாதியைத் தாண்டியதா என்று பார்க்கிறது. 'தி மோஸ்ட்' மற்ற ஒவ்வொருவரையும்விட அதிகமா என்று பார்க்கிறது. பாதியைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. ('எ மோஸ்ட் இன்ட்ரஸ்டிங் புக்' என்றால் 'மிகவும்' என்று மட்டும் பொருள். 'எது உனக்கு ரொம்பப் பிடிக்கும்' என்று கேட்கிற இடத்தில் 'தி' போட்டாலும் சரி, விட்டாலும் சரி. அதெல்லாம் சில்லறை வழக்கு.)

ஒரு குடியிருப்போர் சங்கத் தேர்தல் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேர் வாக்களிக்கிறார்கள். தலைவர் பதவிக்கு மூன்று பேர் போட்டி. ஒருவருக்கு 17, அடுத்தவருக்கு 13, மூன்றாமவருக்கு 10. பதினேழு வாங்கியவர் வென்றார். 'ஹி காட் தி மோஸ்ட் வோட்ஸ்' என்று அறிவிப்புப் பலகையில் எழுதலாம், மறுப்பதற்கில்லை. 'மோஸ்ட் ஆஃப் தி மெம்பர்ஸ் வோட்டட் ஃபார் ஹிம்' என்று எழுதினால் இலக்கணத்தில் ஒரு புள்ளிகூடத் தவறு கிடையாது. ஆனால் அது பொய். அவருக்குப் போடாதவர்கள் 23 பேர். பள்ளிக்கூடத்தில் நாங்கள் வாக்கியம் சரியா என்று பார்த்து மதிப்பெண் போட்டோம். செய்தி சரியா என்று பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. பாடத்திட்டத்தில் அதற்கு இடமும் இல்லை.

இந்த இரண்டாவது சோதனை வீட்டுக்குள்ளும் தேவைப்படுகிறது. தமிழில் நாம் 'முக்கால்வாசிப் பேர்' என்கிறோமே, அதில் முக்காலும் இல்லை, வாசியும் இல்லை. எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்த்தபோது, விசாரிக்கப் போன பெரியவர் திரும்பி வந்து, "ஊர்ல முக்கால்வாசிப் பேர் பையனைப் பத்தி நல்லபடியாச் சொல்லலை" என்றார். வீடே சோர்ந்துபோயிற்று. "யாரு யாருகிட்ட விசாரிச்சீங்க மாமா?" என்று கேட்டேன். டீக்கடைக்காரர், அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர், பஸ் ஸ்டாப்பில் ஒருவர், ஆக மூன்று பேர். அதில் இருவர் முகம் சுளித்திருக்கிறார்கள். கேட்ட மூன்று பேரில் இரண்டு பேர் என்றால் அது 'மோஸ்ட் ஆஃப் தி பீப்பிள் ஐ ஆஸ்க்ட்'. அவ்வளவு தூரம் சரிதான். கேட்டவர்கள் என்ற வரையறையைக் கழற்றிவிட்டு 'ஊர்' என்று மாட்டிய இடத்தில்தான் கணக்கு கெட்டது. மாமா பொய் சொல்லவில்லை. தாம் கண்ட கூட்டத்தின் எல்லையைச் சொல்லாமல் விட்டுவிட்டார், அவ்வளவே. மறுபடி ஆள் அனுப்பிப் பையன் வேலை பார்க்கும் இடத்திலும் குடியிருக்கும் தெருவிலும் விசாரித்த பிறகுதான் முடிவெடுத்தோம்.

வீட்டு விஷயத்தைவிட நாட்டு விஷயத்தில் இந்தக் குழப்பம் பெரிதாக உலவுகிறது. தேர்தல் முடிந்த மறுநாள் எந்தக் கட்சி வென்றாலும், "நாட்டு மக்களில் பெரும்பாலோர் எங்கள் பக்கம்" என்று மேடையில் சொல்வது வழக்கம். ஒரு தொகுதியில் மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூட வாங்கினாலும் வெற்றி என்பது நம் முறை. ஆகவே நம் தேர்தல் முழுவதும் 'தி மோஸ்ட்' கணக்கில் நடக்கிறது. 2014 மக்களவைத் தேர்தலில் பாரதிய ஜனதா கட்சி சுமார் 31 சதவீத வாக்கு பெற்றது. மற்ற எந்தக் கட்சியையும்விட அதிகம், ஆகவே 'தி மோஸ்ட் வோட்ஸ்'. அதே தேர்தலில் 543 இடங்களில் 282 கிடைத்தது. பாதியைத் தாண்டிவிட்டதால் அது 'மோஸ்ட் ஆஃப் தி சீட்ஸ்'. 2024-இல் அதே கட்சிக்கு வாக்கு 36 சதவீதத்துக்குச் சற்று மேல் என்று ஏறியது, இடங்களோ 240 என்று இறங்கின. 272 வேண்டும் என்பதால் இந்தத் தடவை இடங்களிலும் 'தி மோஸ்ட்' மட்டுமே, 'மோஸ்ட் ஆஃப் தி' இல்லை. கூட்டணியோடுதான் ஆட்சி. பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நடத்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஒரு கட்சியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1984-இல் காங்கிரஸ் நானூறு இடங்களைத் தாண்டியது. அப்போதும் அதன் வாக்கு பாதியைத் தொடவில்லை. 1952-இல் முடிந்த முதல் பொதுத்தேர்தலிலிருந்து 2024 வரை, மக்களவைக்குப் பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் எந்தத் தனிக் கட்சியும் வாங்கியதே இல்லை.