விடியற்காலை அடுக்களை

1994ஆம் ஆண்டில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு சிறு பயிற்சி கொடுத்தேன். விடியற்காலையில் பாயில் கண்மூடிக் கிடக்கும்போது, அடுக்களையைப் பற்றி மூக்கு மட்டும் என்ன சொல்கிறது என்று எட்டு அடிகளுக்கு மிகாமல் எழுத வேண்டும்.

பெரும்பாலோர் "நறுமணம் கமழ்ந்தது" என்று எழுதி முடித்துவிட்டனர். எதன் மணம் என்பது மட்டும் அவற்றில் இல்லை. பால்மரம் வெட்டும் தாயொருத்தியின் மகன், "விளக்கு எரிகிறது, அம்மா எழுந்துவிட்டார்" என்று தொடங்கியிருந்தான். "கண்ணை மூடிக்கொண்டிருக்கும் உனக்கு விளக்கு எரிவது எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு அந்த அடியை மாற்றினான். மறுநாள் கொண்டுவந்த கவிதை இது:

மண்ணெண்ணெய் நெடி, அம்மா எழுந்துவிட்டார்.
ஈர விறகின் புகை. நேற்று மாலை மழை.
காப்பி மணம், இன்னும் சற்றுத் தூங்கலாம்.
மிளகாய்க் கமறல், பின்னே நெத்திலி;
மதியச் சோற்றுக்குச் சம்பல் ஆயிற்று.
ஒட்டுப்பால் வாடை என்மேல் குனிகிறது;
வாசல் கடந்து தேய்கிறது.
ஆறிய காப்பி மணம் மட்டும் மிச்சம்.

நெடி, புகை, மணம், கமறல், வாடை என ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய சொல் அமைந்திருந்தது. காப்பிக்கு நெடி என்றோ, மிளகாய்க்கு மணம் என்றோ எழுதியிருந்தால் பொருந்தியிராது. வாசனைகள் வரும் வரிசையே நேரத்தையும் காட்டிவிடுகிறது. ஆகவே மணி ஐந்து என்று சொல்லும் தேவை அவனுக்கு நேரவில்லை.

ஆயினும் ஆறாம் அடியைச் சிவப்பு மையால் அடித்தேன். ஒட்டுப்பாலின் வீச்சம் தோட்டத்தார் அனைவரும் அறிந்ததே. மரத்திலும் கோப்பையிலும் உறைந்த பால் புளித்து அழுகும்போது எழும் அந்த நாற்றம், வேலை உடுப்பை எத்தனை முறை துவைத்தாலும் விடாது. கவிதைக்கு அஃது ஆகாது என்பது பயிற்சிக் கல்லூரியில் நான் கற்றுவந்த எண்ணம். "மல்லிகை மணம்" என்று மேலே எழுதிக் கொடுத்தேன். (நாற்றம் என்ற சொல்லே பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது என்பதைப் பாடமாக நடத்தியவனும் நானே!)

பையன் ஏட்டை வாங்காமல் நின்றான்.

"ஐயா, அம்மா வேலைக்குப் போகும்போது பூ வைப்பதில்லை. அந்த வாடை கிட்டே வந்தால் அம்மா என்னைப் பார்க்கிறார் என்று பொருள். அது போன பிறகுதான் நான் கண்ணைத் திறப்பேன். அதற்கு முன் திறந்தால் அழுதுவிடுவேன், அம்மாவுக்குப் பிரட்டுக்கு நேரமாகிவிடும்" என்றான்.

மல்லிகையை அடித்துவிட்டு, அவன் அடியின் கீழ்ப் புள்ளிகள் இட்டேன். அடித்ததை அப்படியே வைத்துக்கொள் என்பதற்கு அதுவே எங்கள் வகுப்பின் குறி. என் சிவப்புக் கோடு மட்டும் அழியாமல் அந்த ஏட்டிலேயே நின்றுவிட்டது.