இருபது நிமிடம் உயிரோடு இருந்தால் போதும்

வரதராஜன்பேட்டை கடைவீதியில் மொபைல் சர்வீஸ் கடை என்பது எட்டடி அகலம். முன்னால் டெம்பர் கிளாசும் கவரும் தொங்கும். கண்ணாடி மேசைக்குப் பின்னால் ஒருவர் குனிந்தபடியே இருப்பார். ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண்ணும் முந்திரித் தோப்பும் சூழ்ந்த ஊர். சுற்றுவட்டாரத்தில் வளைகுடாவுக்குப் போய்வராத வீடுகள் குறைவு. அதனால் இந்தக் கடைகளுக்கு வரும் போன்களில் பாதி கடல் கடந்து வந்தவை. சிறு ஊர்களில் போன் பழுதுபார்ப்பவர்களைப் பற்றி எழுதலாம் என்று ஒரு மார்ச் மாதம் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். சென்னை ரிச்சி தெருவில் தொழில் பழகியவர். உதிரிபாகம் இன்றும் அங்கிருந்துதான் வருகிறது.

அன்று வந்த பெண் ஜெர்மனியில் மேற்படிப்பு படிக்கிறாள், செமஸ்டர் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். கைக்குட்டையில் சுற்றி ஒரு போன் கொண்டுவந்திருந்தாள். பின்மூடியைக் கழற்றினால் பேட்டரி கையோடு வரும் அந்தக் காலத்து வகை. 2016-ல் ஷார்ஜாவில் வாங்கியது. அப்பாவுடையது. அவர் இறந்து நான்கு வருடம் ஆகிவிட்டது.

"அண்ணே, இதுல அப்பா பேசின வாய்ஸ் நோட் எல்லாம் இருக்கு. ஆன் ஆகல."

ஜெர்மனிக்கே கொண்டுபோய்ச் சரிசெய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தாளாம். ஆனால் பேட்டரி உப்பியிருந்தது. உப்பிய லித்தியம் பேட்டரியை விமானத்தில் எந்தப் பையிலும் ஏற்ற முடியாது, கூரியரும் வாங்காது. ஆக, வேலையை இந்த ஊரிலேயே முடித்துவிடலாம் என்று வந்திருந்தாள்.

வாய்ஸ் நோட் ஏன் அத்தனை சேர்ந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு வேலை செய்யாது, அங்கே அதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். செய்தியும் வாய்ஸ் நோட்டும் போகும். காசு போட்டு ஐ.எஸ்.டி. பேசுவதற்கு யோசிக்கிற ஒரு டிரைவர் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் மைக் பட்டனை அழுத்திப் பிடித்துப் பேசி அனுப்பினார். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாள், அங்கே போனுக்கு அனுமதியில்லை. எல்லாம் அம்மாவின் போனுக்கு வரும், ஊருக்கு வரும்போது கேட்பாள். ஒரு தலைமுறைக்கு முன்னால் இதே வளைகுடாவிலிருந்து ஆடியோ கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வரும் ஆள்களிடம் கொடுத்தனுப்பினார்கள். கேசட் இன்னும் பல வீட்டுப் பரணில் கிடக்கிறது. அம்மாவின் போனோ எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. அப்பாவின் நம்பரும் போய்விட்டது. வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் சும்மா கிடந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். ஆனால் போனுக்குள் இறங்கிய கோப்புகளை அது தொடாது. அவள் நம்பிக்கை முழுக்க அந்த ஒரு போர்டின்மேல் இருந்தது.

கடைக்காரர் முதலில் கேட்டது, "வேற எங்கயாச்சும் காட்டினியாம்மா?" என்றுதான். இல்லை என்றதும் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். காரணத்தைப் பிறகு சொன்னார். ஆன் ஆகாத போனுக்கும், லோகோவிலேயே நிற்கும் போனுக்கும் தொழிலில் எல்லாரும் கை வைக்கிற முதல் வைத்தியம் சாப்ட்வேர் போடுவது. கால் மணி நேர வேலை, போன் புதிதுபோல எழுந்து நிற்கும். உள்ளே இருந்ததெல்லாம் போயிருக்கும். பத்தில் ஒன்பது வாடிக்கையாளருக்கு அது பரவாயில்லை.

"இந்த கேஸ் வேற சார். போன் எனக்கு வேணாம். இருபது நிமிஷம் உயிரோட இருந்தாப் போதும்."

இந்த ஒரு வாக்கியம் வேலை முழுவதையும் மாற்றிவிடுகிறது. டிஸ்பிளே உடைந்திருந்தால் மாற்றத் தேவையில்லை. சார்ஜ் ஏறாவிட்டாலும் கவலையில்லை. கேமராவையும் ஸ்பீக்கரையும் திரும்பியே பார்க்க வேண்டாம். எதைத் தொடக்கூடாது என்பதுதான் கேள்வி.

மெமரி ஐசியை மட்டும் கழற்றி எடுத்துப் படிக்க முடியாதா என்று கேட்டேன். பழைய மாடல்களில் முடியும், கழற்றிய ஐசியைப் பாக்சில் வைத்து முழுவதையும் இறக்கிக்கொள்வார்கள். ஆண்ட்ராய்டு 6-லிருந்து நிலைமை மெல்ல மாறியது. தகவலைப் பூட்டியே எழுதுவது புதிய போன்களில் வழக்கமாகிவிட்டது. பூட்டின் சாவி பிராசசரோடு பிணைந்திருக்கும். மெமரியைத் தனியே எடுத்தால் கிடைப்பது வெறும் குப்பை. இந்தப் போன் பூட்டியதா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் பூட்டியதாகவே நினைத்துக்கொண்டு, பிராசசரும் மெமரியும் இருந்த இடத்திலேயே இருக்க, போர்டை எழுப்புவதுதான் ஒரே வழி என்றார்.

பேட்டரியை அழுத்தாமல் வளைக்காமல் எடுத்து, வாசலுக்கு வெளியே மணல் போட்ட தகர டின்னில் வைத்தார். சிம்மை உருவினார். போர்டைக் கழற்றி டிசி மெஷினில் இணைத்தார். பேட்டரிக்குப் பதில் 4 வோல்ட்டைக் கொடுத்து, போன் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று முள்ளில் காட்டும் பெட்டி அது. பவர் பட்டனை அழுத்தும் முன் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஒயரை வைத்த உடனே 1.8 ஆம்பியருக்குத் தாவியது. சட்டென்று எடுத்துவிட்டார்.

"மெயின் லைன் ஷார்ட். இதுல புது பேட்டரி போட்டிருந்தா சூடாகியே போர்டு போயிருக்கும்."

பேட்டரி மின்சாரம் ஓடும் அந்தத் தடத்தில் மிளகு அளவுகூட இல்லாத கெப்பாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். ஒருமுனை தடத்தில், மறுமுனை கிரவுண்டில். ஏதோ ஒன்று உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால் மின்சாரமெல்லாம் அதன் வழியே தரைக்குப் போய்விடும். எல்லாம் ஒரே தடத்தில் இருப்பதால் மல்டிமீட்டரை எதன்மேல் வைத்தாலும் பீப் என்றுதான் கத்தும். எது குற்றவாளி என்று மீட்டர் சொல்லாது.

அவர் சால்டரிங் அயர்ன் முனையை ரோசின் கட்டியில் தொட்டு, எழுந்த புகையைப் போர்டின்மேல் படியவிட்டார். போர்டு முழுக்க மெல்லிய வெள்ளைப் பூச்சு. டிசி மெஷினை 1 வோல்ட்டுக்குக் குறைத்தார். குறைப்பது முக்கியம். 4 வோல்ட்டைத் தள்ளினால், சூடு அளவுமீறிப் போய்ப் பக்கத்து ஐசிகளையும் பாதிக்கலாம். ஒயரை வைத்ததும் பவர் ஐசிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு புள்ளியில் வெள்ளை உருகிக் கண்ணாடிபோல் ஆனது. சூடு ஏறியது அந்த ஒன்றுதான். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார்.

அதைக் கழற்றுவதில்தான் ஆபத்து. ஹாட் ஏரை நேராகக் காட்டினால் பக்கத்துப் பவர் ஐசியின் அடியில் உள்ள ஈயக்குண்டுகளும் இளகும். பிராசசர் மீதும் மெமரி மீதும் சூடு தாங்கும் மஞ்சள் டேப்பை ஒட்டி, சிறிய நாசில் போட்டு, சில நொடிகளே காட்டி ட்வீசரால் தூக்கிவிட்டார். புதிது எதுவும் வைக்கவில்லை. ஒரே தடத்தில் பல கெப்பாசிட்டர் இருக்கும்போது ஒன்று இல்லாமலும் போன் ஓடும். வாடிக்கையாளர் வருடக்கணக்கில் பயன்படுத்தப் போகிற போனாக இருந்தால் மாற்று வைத்திருப்பேன் என்றார். இங்கே போர்டுக்கு இன்னொரு முறை சூடு காட்டுவதே வீண் ஆபத்து.

மறுபடி ஒயர். முள் அசையவில்லை. பட்டனை அழுத்தினார். லேசாக எழுந்தது, நின்றது, பிறகு நூறு, இருநூறு மில்லியாம்பியர் என்று ஏறி இறங்கி ஆடத் தொடங்கியது. முள் ஆடினால் மெமரியிலிருந்து ஏதோ படிக்கிறது என்று அர்த்தம். ஒரே இடத்தில் நின்றுவிட்டால்தான் கவலை. லோகோ வந்தது, பேட்டர்ன் கேட்கும் திரையும் வந்தது.

டச்சின் இடது பக்கம் செத்திருந்தது. டிஸ்பிளே மாற்றாமல், ஓ.டி.ஜி. ஒயரில் கம்ப்யூட்டர் மவுசைச் செருகினார். திரையில் அம்பு தெரிந்தது. பேட்டர்ன் அவளுக்குத் தெரியாது. ஐந்து முறை தப்பினால் அரை நிமிடம் காக்க வைக்கும். தொடர்ந்து தப்பாகப் போட்டால் தானே எல்லாவற்றையும் அழித்துக்கொள்ளும் ஏற்பாடு சில போன்களில் உண்டு. ஊகித்துப் பார்க்கலாமே என்று அவள் கை நீட்டியதும் மவுசை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அம்மாகிட்ட கேளும்மா." அம்மாவுக்குப் படமாகத் தெரிந்திருந்தது: இடது மேலிருந்து கீழே இறங்கி, வலப்பக்கம் போய், மேலே ஏறும் கோடு. முதல் முயற்சியிலேயே திறந்தது.

உள்ளே போனதும் ஏரோபிளேன் மோடு. வாட்ஸ்அப்பைத் திறக்கவே இல்லை. பழைய பதிப்பு, திறந்தால் அப்டேட் கேட்கும், நம்பரைச் சரிபார்க்கச் சொல்லும். பைல் மேனேஜரில் `WhatsApp/Media/WhatsApp Voice Notes` என்ற போல்டரைக் கண்டுபிடித்து, புதிதாகச் செருகிய மெமரி கார்டுக்கு மொத்தமாகக் காப்பி கொடுத்தார். `201731` என்பதுபோல வருடமும் வார எண்ணுமாக அடுக்கடுக்காக உள்போல்டர்கள். ஒவ்வொன்றிலும் `PTT-20170802-WA0007.opus` என்ற தினுசில் பெயர்கள். ஒரு நிமிடப் பேச்சு நூறு, நூற்றைம்பது கேபிதான். மூன்று வருடக் குரல் ஒரு சினிமாவில் கால்வாசி இடத்தைக்கூடப் பிடிக்கவில்லை.

காப்பி ஆன கார்டை அவளுடைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோதுதான் ஒரு சங்கதி தெரிந்தது. அனுப்பியதும் வந்ததும் ஒரே போல்டரில் கிடக்கின்றன. பெயரைப் பார்த்து யார் பேசியது என்று சொல்ல முடியாது. அவள் அப்பா என்று நினைத்துத் திறந்த முதல் கோப்பில் பேசியது அவளேதான், பதினேழு வயதில், ஃபிசிக்ஸ் டெஸ்ட்டில் மார்க் குறைந்ததற்கு ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்காவதோ ஐந்தாவதோ அப்பா. அறையில் ஏ.சி. இரைகிறது, யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள். "மார்க்க விடு பாப்பா, சாப்பிட்டியா? முந்திரிக்காட்டுக்கு ஆள் வந்தாங்களான்னு அம்மாவக் கேட்டுச் சொல்லு." அவள் அழுவாள் என்று நினைத்தேன். "டெஸ்ட் அட்டென்ட் பண்ணவே இல்லண்ணே, பொய் சொல்லியிருக்கேன்" என்று சிரித்தாள்.

சில கோப்புகள் திறக்கவில்லை. அளவு பூஜ்யம். இடையில் சில வாரங்களே இல்லை. இடம் போதாமல் அவரே அழித்திருக்கலாம். அழித்ததை மீட்கும் சாப்ட்வேர் இருக்கிறதே என்று கேட்டாள். இந்த வகைப் போன்களில் அழித்த இடத்தைப் போனே பின்னணியில் துடைத்துவிடும், அதற்குப் பணம் கேட்பவர்களிடம் போகாதே என்று கண்டிப்பாகச் சொன்னார். எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான். முடிந்ததைச் செய்த அதே குரலில் முடியாததையும் சொல்லிவிடுகிறார்.

பில் நானூறு ரூபாய், மெமரி கார்டு தனி. போனை அணைத்து, போர்டையும் மூடியையும் தனித்தனியாகக் கவரில் போட்டுக் கொடுத்தார். இனி ஆன் செய்ய வேண்டாம், பேட்டரியும் போட வேண்டாம். கார்டை நம்பாதே, லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று வைத்துக்கொள் என்றார். அதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டார், இரண்டு மூன்றை உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி. அவள் ஆடியோவாகச் சேர்க்கப் போனாள்.

"அப்படி அனுப்பினா பேரு மாறி இன்னைக்குத் தேதி வந்துரும்மா. அப்புறம் எது எப்ப பேசினதுன்னே தெரியாது. டாக்குமென்ட்டுனு இருக்கு பாரு, அதுல போடு" என்று சொல்லிவிட்டு, டிஸ்பிளே உடைந்த போனோடு நின்றிருந்த அடுத்த ஆளிடம் காம்போ விலை பேசத் தொடங்கினார்.