பனோரமாவில் ஒரே ஆள் மூணு இடத்தில் நிற்பது ஏன்?

1/ இலுப்பூர் பக்கத்துல கொடும்பாளூர் மூவர்கோயிலை ஒரு நண்பர் போன் பனோரமாவில் எடுத்து அனுப்பியிருந்தார். நீலச் சட்டைக்காரர் ஒருத்தரே மூணு இடத்தில் நிற்கிறார். கிட்ட இருக்கும் கம்பிவேலி நடுவில் படி மாதிரி விலகியிருக்கு. தூரத்து விமானங்கள் மட்டும் சுத்தமா இருக்கு.

2/ பனோரமா ஒரே நொடியில் எடுத்த படம் இல்லைங்க. போன் திரும்பத் திரும்ப எடுத்த கீற்றுகளை ஒட்டுறது. போன் திரும்பும் திசையிலேயே ஆள் நடந்தா, அடுத்தடுத்த கீற்றிலும் சிக்குவார். எதிர்த்திசையில் வந்தா ஒல்லியாகவோ பாதி உடம்பாகவோ வருவார்.

3/ வேலி விலகியது வேற காரணம். கட்டைவிரலை முகத்துக்கு நேரா நீட்டி, கண்களை மாத்தி மாத்தி மூடிப் பாருங்க. விரல் தாவும், தூரத்துச் சுவர் அசையாது. கையை நீட்டிச் சுழற்றினால் லென்ஸும் இடம் மாறுது. கிட்ட இருப்பது தாவுது, ஒட்டு பிசகுது.

4/ அதனால போனை நெஞ்சுக்குக் கிட்ட, செங்குத்தாப் பிடிங்க. போன் ஒரே இடத்தில் நிற்க, காலை மெல்ல எடுத்து வச்சு அதைச் சுற்றி நீங்க திரும்புங்க. வேலியை விட்டுப் பின்னால தள்ளி நில்லுங்க. ஆள் கடந்து போன பிறகு தொடங்குங்க.

5/ இவ்வளவு செஞ்சாலும் நேரான வேலி வில் மாதிரி வளையலாம். அது ஒட்டுப் பிழை இல்லை; அகலமான காட்சியைத் தட்டையாக்குவதன் விளைவு. சிடி ஸ்கேனில் மூச்சை அடக்கச் சொல்றதும், கீற்றுக்குக் கீற்று உடம்பு நகராம இருக்கத்தான்.