ரெண்டு நாள் குளிசை

கம்பசுக்கு வந்த முதல் வருசம், தடிமன் பிடித்தால் நேரே பார்மசிக்குத்தான் போவேன். "அண்ணை, அமொக்சிசிலின் ஆறு தாங்கோ." ரெண்டு நாள் போடுவேன். ஒரு கிழமைக்குள் சுகமாகிவிடும். குளிசைதான் சுகமாக்கினது என்று நம்பினேன். குளிசை போடாமல் விட்டாலும் தடிமன் 7 முதல் 10 நாளில் பெரும்பாலும் தானாகவே மாறிவிடும் என்பது அப்போது தெரியாது.

தடிமன் வருவது வைரசால். அமொக்சிசிலின் தாக்குவதோ பக்ரீரியாவின் சுவரை. பக்ரீரியா தன்னைச் சுற்றி ஒரு சுவர் வைத்திருக்கிறது. வளரும்போது அதை விரித்துக் கட்ட வேணும். அந்தக் கட்டுகிற வேலையை மருந்து குழப்பிவிட, சுவர் பலமிழந்து பக்ரீரியா வெடித்துச் சாகும். வைரசுக்கு அப்படியொரு சுவரே இல்லை. அது எங்கட கலத்துக்குள் புகுந்து, அங்கே இருப்பதைக் கொண்டே பெருகுகிறது. இடிக்கச் சுவர் இல்லாத இடத்தில் அமொக்சிசிலினுக்கு என்ன வேலை?

"சளி மஞ்சளாப் போச்சு, இனி அன்ரிபயோட்டிக் வேணும்" என்றும் சொல்லுவோம். அந்த நிறம் கிருமியோடு சண்டை பிடிக்க வந்த வெள்ளைக் குருதிக் கலங்களால் வருவது. வைரஸ் தடிமனிலும் அது வரும்.

போன வருசம் எனக்குச் சலக்கடுப்பு வந்தது. டொக்டர் சலத்தைக் கல்ச்சர் ரெஸ்டுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. கிருமி ஈ.கோலை. அமொக்சிசிலினுக்கு நேரே 'ஆர்' என்ற எழுத்து. அந்த மருந்து இந்தக் கிருமியிடம் எடுபடாது என்று அர்த்தம்.

"அடிக்கடி அன்ரிபயோட்டிக் போடுறனீங்களோ பிள்ளை?"

தலையாட்டினேன். என்ர உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பழகியது உடம்பு இல்லை, கிருமி என்றார்.

எங்கட குடலில் கோடிக்கணக்கான பக்ரீரியாக்கள் இருக்கின்றன. அதில் சிலதுக்கு அமொக்சிசிலினை வெட்டி உடைக்கிற நொதியம் ஒன்றைச் செய்யத் தெரியும். நான் தடிமனுக்கு என்று போட்ட குளிசை குடலுக்கும் போகிறது. அங்கே மருந்துக்குச் சாகக்கூடியவை சாகின்றன. நொதியம் உள்ளவை மிஞ்சி, காலியான இடத்தில் பெருகுகின்றன. அந்த நொதியத்தைச் செய்கிற மரபணுவைப் பக்கத்துப் பக்ரீரியாவுக்கும் கொடுக்க அவற்றால் முடியும். சலக்கடுப்பைத் தருவதும் பெரும்பாலும் குடலில் இருந்து வருகிற ஈ.கோலைதான்.

எனக்கு வந்த கிருமி அந்தக் குளிசைகளால்தான் உருவானது என்று நிரூபிக்க முடியாது. இப்படியான கிருமிகள் ஆளிடமிருந்து ஆளுக்கும் தொற்றும். ஆனால் அவை பெருக நான் இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன். ரிப்போர்ட்டில் வேலை செய்யும் என்றிருந்த வேறொரு மருந்தை டொக்டர் எழுதித் தந்தார். சுகமானது. அந்தப் பட்டியலில் எல்லாத்துக்கும் நேரே 'ஆர்' இருந்திருந்தால்?

போன கிழமை ரூம்மேற்றுக்குத் தடிமன். "உன்னட்ட அமொக்சிசிலின் மிச்சம் இருக்கோ?" என்று கேட்டாள். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். காய்ச்சல் ரெண்டு நாளுக்கு மேல் நின்றாலோ, மூச்சுவிடக் கஷ்டப்பட்டாலோ டொக்டரிட்டப் போவம், டெங்குவாகவும் இருக்கலாம் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். ஆறாம் நாள் லெக்சருக்கு வந்தாள்.