பக்கத்து வீட்டு பால் காய்ச்சுக்கு நாங்க ஏன் போகல

ரெண்டு வாரமா அன்னதானப் பக்கம் எங்களைக் காணோமேன்னு பலர் கேட்டிருந்தீங்க. வீட்டுல அம்மை போட்டிருந்துச்சு. அதே நேரத்துல பக்கத்து வீட்டு அக்காவோட புதுமனை புகுவிழாவும் வந்துடுச்சு. வரமுடியாதுன்னு சொல்லவேண்டிய நிலை. இதே மாதிரி உங்களுக்கும் வரலாம், அதனால எழுதுறோம்.

அந்த அக்கா குடும்பமும் நாங்களும் ஜாசின் பக்கத்துத் தோட்டத்துல ஒரே லயத்துல வளர்ந்தவங்க. பிறகு டுரியான் துங்கால் தாமானுக்கும் பக்கத்துப் பக்கத்து வீடா வந்தோம். இப்ப அவங்க ரெண்டு தெரு தள்ளி சொந்தமா வீடு வாங்கியிருக்காங்க. வைகாசியில ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை முகூர்த்தம். தட்டுல வெத்தலை பாக்கு வச்சு எங்களைத்தான் முதல்ல அழைச்சாங்க. எங்க மூத்த மகள்தான் குத்துவிளக்கு ஏந்தி முதல்ல உள்ளே போகணும்னும் சொல்லிட்டாங்க.

விழாவுக்கு 9 நாள் முன்னால, வெள்ளிக்கிழமை, சின்னவனுக்குக் காய்ச்சலோட முதுகில முத்து கண்டது. கிளினிக்கில சின்னம்மைன்னு உறுதி பண்ணாங்க. வாசல்ல வேப்பிலை செருகினோம். அன்னைக்கு ராத்திரியே அக்காவுக்கு போன் பண்ணிட்டோம். விழாவுக்கு முதல் நாள் சொல்லியிருந்தா, விளக்கு ஏந்த வேற பிள்ளையை எங்க போய்த் தேடுவாங்க?

அக்கா உடனே, "அம்மா வந்திருக்கா, நீங்க வெளிய வரக்கூடாது, எனக்குத் தெரியாதா? ஆனா பெரியவ நல்லாத்தானே இருக்கா, அவளை மட்டும் அனுப்பும்மா"ன்னாங்க. இங்கதான் எங்களுக்கு ரொம்பச் சங்கடம். முடியாதுன்னு சொன்னா மனசு நோகும். அனுப்பினா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னதும் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

சின்னம்மை ஒருத்தர்கிட்ட இருந்து தொத்தினா, 10 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள முத்து கண்ணுக்குத் தெரியும். ஆனா முத்து தெரியறதுக்கு ஒன்னு ரெண்டு நாள் முன்னாலயே மத்தவங்களுக்குப் பரவ ஆரம்பிச்சிடும். சின்னவன் முத்து தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னால இருந்தே அக்காகூட ஒரே பாயில படுத்தவன். அங்க இருந்து எண்ணினா, விழா நாள் மகளுக்கு 11வது நாள். அவளுக்கு முன்னால அம்மை போட்டதும் இல்ல, தடுப்பூசியும் இல்ல. பார்க்க நல்லாத்தான் இருப்பா. உள்ளே இருக்கா இல்லையான்னு யாராலும் சொல்ல முடியாது.

அதைவிட முக்கியம், அக்கா மகள் ஏழு மாச கர்ப்பிணி, கோலாலம்பூர்ல இருந்து விழாவுக்கு வர்றா. சின்ன வயசுல அவளுக்கு அம்மை போடல. கர்ப்பிணிக்கு சின்னம்மை வந்தா நுரையீரல் வரைக்கும் பாதிக்கலாம். பிரசவத்தை ஒட்டி வந்தா குழந்தைக்கும் ஆபத்து.

இதை அப்படியே அக்காகிட்ட சொன்னோம். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. பிறகு, "அப்ப வேணாம்மா, பிள்ளை வீட்டுலேயே இருக்கட்டும். விளக்குக்கு நாத்தனார் மகளைக் கேட்கிறேன்"னாங்க. "எங்க வீட்டுல அம்மை"ன்னு மட்டும் சொல்லியிருந்தா, பிள்ளையை அனுப்ப மனசில்லன்னு நினைச்சிருப்பாங்க. நாள் கணக்கோட சொன்னதாலதான் புரிஞ்சுது.

எங்க ரெண்டு பேருக்கும் தோட்டத்துலேயே சின்ன வயசுல அம்மை போட்டாச்சு. அதனால எங்களாவது போயிருக்கலாமேன்னு சிலர் கேட்டாங்க. டாக்டரும் தடை சொல்லல. ஆனா தண்ணி ஊத்தாத வீட்டுல இருந்து சுப காரியத்துக்குப் போற வழக்கம் எங்க பெரியவங்ககிட்ட இல்ல. பிறப்பு, இறப்புத் தீட்டு மாதிரி இதுக்கு நாள் கணக்கு கிடையாது. முத்து காய்ஞ்சு தண்ணி ஊத்தினாத்தான் முடியும். போனா வந்த சொந்தக்காரங்களுக்கும் சங்கடம். மொய்கூட அப்ப அனுப்பல.

ஞாயிறு விடியக்காலை எங்க வாசல்ல நின்னா அவங்க வீட்டு மேளச்சத்தம் கேட்டுச்சு. மறுநாள் திங்கள்கிழமை மகளுக்கு நெத்தியில முதல் முத்து. ஞாயிறு அவ அங்க விளக்கு ஏந்தி நின்னிருந்தா... நினைச்சுப் பார்க்கவே முடியல. அன்னைக்குச் சாயந்தரம் எங்க கேட்டில ரெண்டு இளநீர் தொங்குச்சு. யார் வச்சதுன்னு கேட்கவே வேணாம்.

மகளுக்கும் முத்தெல்லாம் காய்ஞ்சு பொருக்கு தட்டின பிறகு, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயில்ல வச்ச தண்ணியை மூணு தடவை ஊத்தினோம். மாரியம்மனுக்குக் கூழ் படைச்சிட்டு, வெத்தலை, பழம், மொய்யோட புது வீட்டுக்குப் போனோம். அக்கா எங்களுக்காக மறுபடி பால் காய்ச்சினாங்க. கர்ப்பிணிப் பெண் வீட்டுல நல்லபடியா இருக்கா.

யார் வீட்டுலயாவது இப்ப அம்மை இருந்தா, மத்த பிள்ளைகளுக்கும் 21 நாள் எண்ணிக்குங்க. அழைச்சவங்ககிட்ட முதல் நாளே சொல்லிடுங்க. அந்த வீட்டுல கர்ப்பிணி, கைக்குழந்தை இருக்காங்களான்னும் கேளுங்க. ஏற்கனவே பக்கத்துல இருந்திருந்தா அவங்களைத் தாமதிக்காம கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்க. வர்ற வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு நாங்க வந்துடுவோம். மாரியம்மன் துணை.