முகூர்த்தப் பட்டு

பிப்ரவரி 3, திங்கள்

மதுரைக் கல்யாணம் வந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி பஸ்ஸில் போட்டு அனுப்பியிருக்கிறார் அண்ணன். எல்லாம் எஸ்-லாக் 3, 10 பிட். திறந்தால் வழக்கம்போலச் சாம்பல் பூசிய உலகம். தாலி கட்டும்போதுகூட மூட்டம்.

ரெக் 709-க்கு மாற்றும் லட்டைப் போட்டுப் பார்த்தேன். எல்லார் முகமும் வெளிறிப் போயிற்று. மாப்பிள்ளை வேட்டி ஒரே வெள்ளை. பெண்ணின் பட்டில் மடிப்பே இல்லை. சிவப்பு காகிதத்தை வெட்டி ஒட்டின மாதிரி.

முதுகு வலி. நாளைக்குப் பார்ப்போம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அண்ணன் கிரே கார்டு பிடித்திருக்கிறார். புண்ணியவான். வேவ்ஃபார்மில் கார்டு 573-ல் நிற்கிறது. எஸ்-லாக் 3-ல் அது 420-ல் இருக்க வேண்டும். அதாவது முழுசாக இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம். ஃபோன் போட்டேன். "மண்டபம் இருட்டு தம்பி. நிழல்ல புள்ளி புள்ளியா வரும்னு ஏத்தியே எடுத்தேன்" என்றார். சரியான காரியம்தான். ஆனால் லட்டுக்கு அது எப்படித் தெரியும்? 420 வந்தால் நடு சாம்பல் என்று எழுதி வைத்திருக்கிற அட்டவணை அது. 573 வந்தால் பளிச்சென்ற பொருள் என்று எடுத்துக்கொள்கிறது. முகங்கள் வெளிறியது அதனால்.

அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து நச்சரித்தான். "மாமா, லட்டுக்குப் பின்னாடி வெளிச்சத்தைக் குறைச்சா ஆகாதா?" குறைத்துக் காட்டினேன். வேட்டி வெள்ளையிலிருந்து சாம்பலாயிற்று. மடிப்பு வரவில்லை. லட்டுக்கு முந்திய நோடில் குறைத்துக் காட்டினேன். வேட்டியில் மடிப்பும் கரையும் எழுந்து வந்தன. கேமராவில் எல்லாம் பத்திரமாக இருந்திருக்கிறது, லட்தான் மேலே முட்டவிட்டு நறுக்கியது. நறுக்கின பிறகு எதைக் குறைத்து என்ன?

முதலில் ஆஃப்செட்டை இழுத்தேன். லாகில் ஒரு ஸ்டாப் என்பது ஏறக்குறைய 79 எண். எனவே மொத்தப் படத்தையும் கீழே தள்ளினால் லென்ஸ் துவாரத்தைச் சுருக்கின மாதிரியே ஆகும். ஆனால் அடிக்கறுப்புப் பக்கம் அந்தக் கணக்கு நிற்காது. பெண்ணின் கூந்தல் மைக்கறையாயிற்று. அதனால் அந்த நோடை மட்டும் லீனியருக்கு மாற்றி, கெயினை 0.25 ஆக்கினேன். இரண்டு ஸ்டாப் என்றால் கால் பங்கு வெளிச்சம், அவ்வளவுதான். கார்டு 420-ல் உட்கார்ந்தது. கூந்தலில் மல்லிகைக்குக் கீழே இழைகள் தெரிகின்றன.

சந்தோஷம். டீ இரண்டாவது தடவை.

பட்டில் மட்டும் இன்னும் மடிப்பு இல்லை.

பிப்ரவரி 5, புதன்

மடிப்பு இல்லை. கான்ட்ராஸ்ட் கூட்டினேன், இல்லை. ஷார்ப் பண்ணினேன், ஜரிகைதான் கடித்தது.

இரவு பதினொன்றுக்கு மேல் பரேடைத் திறந்து பட்டை மட்டும் தனியே பார்த்தேன். சிவப்பு உச்சியில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பச்சையும் நீலமும் தரையில் பூஜ்யமாகக் கிடக்கின்றன. மூன்றும் அசையாத இடத்தில் மடிப்பு எங்கிருந்து வரும்? நிழலுக்கும் மேட்டுக்கும் வித்தியாசமே இல்லையே. லட்டை அணைத்தால் மூன்றும் நெளிகின்றன. சாம்பல் மூட்டத்துக்குள் புடவை முழுசாக இருக்கிறது.

கேமராவின் நிறப்பரப்பு பெரிது, 709 சின்னது. பட்டுச் சிவப்பு வெளியே நிற்கிற நிறம். மாற்றும்போது பச்சையும் நீலமும் பூஜ்யத்துக்குக் கீழே போகின்றன. கீழே இடமில்லை, வெட்டு விழுகிறது.

கண் எரிகிறது. சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 7, வெள்ளி

லட் கோப்பையே டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தேன். முதல் வரி `LUT_3D_SIZE 33`. அதன் கீழே வெறும் எண்கள், முடிவே இல்லாமல். ஒரு பக்கத்துக்கு 33 புள்ளி, மூன்று நிறத்துக்குமாக 35,937 வரி. நடுவில் விழுகிற நிறத்துக்கெல்லாம் அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து உத்தேசக் கணக்கு. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே 10 பிட்டில் சுமார் 32 எண் தூரம். ஒரு ஸ்டாப்புக்கு இரண்டரைப் புள்ளிதான். இத்தனை முகங்களும் இதன் மேல்தான் நிற்கின்றன என்று நினைத்தால் திக்கென்கிறது.

சிவப்பு மூலையில் வரிசையாக 1.000000, 0.000000, 0.000000. வேறு வேறு உள்ளீட்டுக்கும் அதே விடை. அதைக் கண்ணால் பார்த்ததும் கோபம் போய்விட்டது. மடிப்பு தொலைகிற இடம் இதுதான்.

வேறொரு லட் வாங்கலாமா என்று ஆசை. வேண்டாம். அதிலும் ஒரு மூலை இருக்கும்.

பிப்ரவரி 8, சனி

பெண்ணின் சித்தப்பா ஃபோன். அனுப்பின துண்டை வாட்ஸ்அப்பில் பார்த்தாராம். "பொண்ணு கறுப்பா தெரியுதே சார், கொஞ்சம் கலர் ஏத்துங்க."

வெக்டர்ஸ்கோப்பில் பெண் கன்னம், மாப்பிள்ளை கன்னம், ஐயர் தோள், மூன்றும் அதே தோல் கோட்டை ஒட்டித்தான் விழுகின்றன. கறுப்போ மாநிறமோ, சாயல் ஒன்றுதான், வெளிச்சம்தான் வேறு. பெண்ணின் கன்னம் கிரே கார்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. அன்றைக்கு மண்டபத்தில் நின்றவர்கள் பார்த்த நிறம் அதுதான். அழகான பெண். இவரை யார் கேட்டது?

"சரி சார், பாக்குறேன்" என்றேன். பார்க்க மாட்டேன். கன்னத்தை ஏற்றினால் நெற்றியின் எண்ணெய்ப் பளபளப்பு வெடித்துக் கழுத்து தனியாக நிற்கும்.

சாயங்காலம் கொஞ்சம் ஏற்றினேன். கால் ஸ்டாப். பிறகு எடுத்துவிட்டேன். இப்போதும் யோசனையாகவே இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

மடிப்பு வந்தது!

லட்டுக்கு முன்னால் ஒரு நோட். குவாலிஃபையரில் பட்டுச் சிவப்பை மட்டும் பிடித்து, ஓரத்தை மென்மையாக்கி, சாச்சுரேஷனைக் குறைத்துக்கொண்டே போனேன், பரேடை மட்டும் பார்த்துக்கொண்டு. பச்சையும் நீலமும் தரையை விட்டு எழுந்ததும் நிறுத்தினேன். சிவப்பு இன்னும் மேலே ஒட்டியிருந்தது. அந்த நிறத்தின் வெளிச்சத்தை இம்மி குறைத்தேன், அதுவும் இறங்கியது. முழங்காலில் விழும் மடிப்பு, முந்தானையின் சுருக்கம், ஜரிகைக்கு அடியில் நெசவு, எல்லாம்.

நேரில் பார்த்த பளீர் இல்லைதான். பளீரும் வேண்டும் மடிப்பும் வேண்டும் என்றால் 709-ல் நடக்காது. எனக்கு மடிப்பு போதும்.

உதட்டுச் சாயமும் குங்குமமும் சேர்ந்து மாட்டிக்கொண்டன. முகத்துக்கு ஒரு வட்டம் போட்டு விலக்கினேன். பெண் திரும்பும்போதெல்லாம் டிராக் நழுவுகிறது. மதியச் சாப்பாடு நாலு மணிக்கு.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். வடபழனி முழுக்க மைக் செட். நல்லவேளை, கலர் பார்க்கக் காது வேண்டாம்.

குத்துவிளக்குச் சுடர் வெறும் வெள்ளை. லட்டை அணைத்தும் பார்த்தேன், அங்கேயும் தட்டை. கேமராவிலேயே போனது, எந்த நோடும் கொண்டுவராது. விட்டுவிட்டேன். சுடர் வெள்ளையாக இருந்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

வரவேற்பு மேடையின் நீல எல்.இ.டி.யிலும் பட்டின் கதைதான், நிறம் மட்டும் மாற்றம். மாப்பிள்ளை கோட்டின் தோளில் துணியே இல்லை, நீலத் திட்டு. முந்தாநாள் போட்ட நோடை நகலெடுத்து நீலத்துக்குத் திருப்பினேன். அரை மணியில் முடிந்தது.

எக்ஸ்போர்ட் ஓடுகிறது. சித்தப்பாவுக்குக் கலர் ஏற்றவில்லை. பட்டு நன்றாக வந்திருப்பதாக அண்ணன் சொன்னார். மீதிப் பணம் வெள்ளிக்கிழமை தருவாராம்.